பழைய நன்கொடைப் பேரேடுகளைப் படியெடுக்க ஒரு விண்ணப்பம்

கோயில் அறக்கட்டளை கல்லூரித் தமிழ்த் துறைக்கோ வரலாற்றுத் துறைக்கோ உதவி கேட்டு எழுதும்போது, பெரும்பாலும் கோயிலின் பெருமையே பாதிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். துறைத் தலைவருக்கு வேண்டியது வேறு. எத்தனை ஏடுகள், எந்தக் காலத்தவை, எந்த எழுத்தில் உள்ளன, தாள் எந்த நிலையில் இருக்கிறது என்பவை தெரிந்தால்தான் மாணவர்களை இறக்கலாமா என்று அவரால் சொல்ல முடியும். இரண்டு மூன்று பக்கங்களின் தெளிவான நிழற்படத்தைக் கடிதத்தோடு இணைத்துவிட்டால் வேலையின் கடினம் உடனே விளங்கிவிடும்.

கடினம் பெரும்பாலும் எண்களில்தான். பழைய கணக்குகளில் தமிழ் எண்களே இருக்கும். அவற்றில் பல, எழுத்துகளைப் போலவே தோன்றும்: ௧ ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௫ ‘ரு’ போலவும், பத்தைக் குறிக்கும் ௰ ‘ய’ போலவும் இருக்கும். பக்கத் தலைப்பில் தனியே நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. தொகைக்கு நடுவே வந்தால் அதுவே இரண்டு.

‘சுபகிருது ௵ ஆடி ௴ விளக்கு எண்ணெய்க்கு ௹ ௨௰௫ அணா ௮’ என்று ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ௵ வருடம், ௴ மாதம், ௹ ரூபாய். தொகை 25 ரூபாய் 8 அணா. சுபகிருது 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதால் இது 1902 ஆகவும் இருக்கலாம், 1962 ஆகவும் இருக்கலாம். நாணயம் 1957இல் நயா பைசாவுக்கு மாறியதால் அணாக்கணக்கு 1902 பக்கமே சாய்கிறது. ஆனாலும் பழக்கத்தால் அணாவில் எழுதியவர்கள் உண்டு. முன்பின் பக்கங்களையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த வரியில் 10 ரூபாய் 12 அணா இருந்தால், அடிக்கூட்டு 36 ரூபாய் 4 அணா வரவேண்டும். 16 அணா ஒரு ரூபாய் அல்லவா. மங்கிய ௨ கண்ணில் படாமல் ௰௫ என்று படித்த மாணவருக்கு 26 ரூபாய் 4 அணாதான் வரும். பத்து ரூபாய் குறைவதே பிழையைக் காட்டிக்கொடுக்கும். கணக்குப்பிள்ளையே தவறாகக் கூட்டியிருப்பதும் உண்டு. அப்போது மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, வேறுபாட்டை ஓரத்தில் குறிக்க வேண்டும், திருத்திவிடக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் இருவர் தனித்தனியே படியெடுத்து ஒப்பிட வேண்டும், ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் இட வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பொறுப்புகளையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும்: ஏடுகள் கோயிலை விட்டு வெளியே போகாது, படங்களிலிருந்தே வேலை நடக்கும், படியின் ஒரு பிரதி துறைக்கும் தரப்படும், உபயதாரர் பெயர்களை வெளியிடுமுன் அறக்கட்டளையின் ஒப்புதல் பெற வேண்டும். கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருந்தால், செயல் அலுவலரின் அனுமதிக் கடிதமும் இணைய வேண்டும்.