கல்லாவிலிருந்து போகும் அட்வான்ஸ்

ஓட்டல் தொழிலில் அட்வான்ஸ் கேட்காத மாதம் என்று ஒன்று கிடையாது. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தால் கேட்பார்கள். ஆடியில் சீர், ஆவணியில் கல்யாணம், ஐப்பசியில் தீபாவளி என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான முதலாளிகள் கல்லாவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு சின்ன நோட்டில் பெயரையும் தொகையையும் கிறுக்கி வைப்பார்கள். ஒன்றாம் தேதி சம்பளம் போடும்போது அந்த நோட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். ஐந்தாறு பேர் வேலை செய்கிற கடையில் இது ஓடிவிடும். பதினைந்து, இருபது பேர் ஆகும்போதுதான் சிக்கல் தெரியும். காய்கறி மண்டிக்காரர் பாக்கி கேட்டு நிற்பார், கல்லாவில் பணம் இருக்காது. அவனுக்குக் கொடுத்தீர்கள், எனக்கு ஏன் இல்லை என்று சமையல்கட்டில் முணுமுணுப்பும் கிளம்பியிருக்கும்.

இந்த இரண்டு தொல்லையும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. அட்வான்ஸ் என்று கல்லாவிலிருந்து போகிற பணத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, அந்த ஆள் ஏற்கனவே வேலை செய்து சம்பாதித்துவிட்ட சம்பளம். தேதி வருமுன் கேட்கிறார், அவ்வளவுதான். மற்றது, இன்னும் செய்யாத வேலைக்கான பணம். அது கடன். முன்னதில் முதலாளிக்குப் போவது சில நாள் மட்டுமே. பின்னதில் முதலே போய்விடலாம். இரண்டையும் ஒரே நோட்டில், ஒரே பக்கத்தில் எழுதுகிற வரை எந்த ஒழுங்கும் நிற்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மதுரையில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிற நடுத்தர ஓட்டல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சப்ளையர்கள், கிளீனர்கள் எல்லாருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 3,00,000 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 10,000 ரூபாய்ச் சம்பளம் ஏறிக்கொண்டிருக்கிறது. பதினைந்தாம் தேதி காலையில் பதினான்கு நாள் வேலை முடிந்திருக்கும். 1,40,000 ரூபாய் ஊழியர்களுக்குச் சேரவேண்டிய பணமாகிவிட்டது. அதில் பாதி வரைக்கும் கேட்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்று வைத்தால், எல்லாருமே கேட்டாலும் 70,000 ரூபாய்தான். இந்தப் பணம் எப்படியும் ஒன்றாம் தேதி போகவேண்டியது. பதினைந்து நாள் முன்னால் போகிறது, ஒன்றாம் தேதிச் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது.

இதை நாள் கிழமை இல்லாமல் கொடுத்தால் கணக்கு நாறிவிடும். பதினைந்தாம் தேதி மட்டும்தான் என்று வைத்துவிட்டால், மண்டிக்காரருக்குப் பன்னிரண்டிலோ பதினெட்டிலோ கொடுப்பதாகப் பேசிக்கொள்ள முடியும். கேஸ் சிலிண்டருக்கும் எண்ணெய் டின்னுக்கும் அதேபோல. இந்த நடுமாதப் பணத்துக்குக் காரணம் கேட்கவே கூடாது என்பேன். அது அவர்கள் உழைத்த காசு. எதற்கு என்று கேட்க ஆரம்பித்தால் எல்லாருக்கும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். பொய் சொல்லப் பழக்குவது நாமாக இருப்போம்.

கடன் வேறு. அதற்கு முதலில் ஒரு தனித் தொகை ஒதுக்க வேண்டும். எவ்வளவு? இந்த ஓட்டலில் கட்டட வாடகை, கரண்ட் பில், மண்டி பாக்கி எல்லாம் தடங்கல் இல்லாமல் போய், பத்து மாதம் திரும்பாமல் இருந்தாலும் தாங்கக்கூடிய தொகை எதுவோ அது. மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையும் பத்துத் தவணைக் கடனாக வெளியே இருந்தால் மாதம் 6,000 ரூபாய் திரும்பி வரும். அடுத்த கடன் அந்த 6,000 சேர்ந்து வருவதிலிருந்துதான், கல்லாவிலிருந்து இல்லை. இதை எல்லாரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: ஒரு வருடம் முடித்தவர்களுக்கு, ஒரு மாதச் சம்பளம் வரை, பழைய கடன் முடிந்த பிறகு, கேட்ட வரிசைப்படி. விதி சுவரில் ஒட்டும் அளவுக்கு வெளியே தெரியட்டும். யார் எதற்காக வாங்கினார் என்பது மட்டும் கல்லாவைத் தாண்டக் கூடாது. முணுமுணுப்புக்கு முக்கால்வாசிக் காரணம் கொடுக்காதது இல்லை. எந்த அளவுகோலில் கொடுக்கிறார்கள் என்று தெரியாததுதான்.

இப்போது டீ மாஸ்டர் வருகிறார். சம்பளம் 18,000 ரூபாய். நான்கு வருடமாக இருப்பவர். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் கல்லா ஓரம் வந்து நிற்கிறார்.

“அண்ணே, பாப்பாவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். ஒரு நாப்பது வேணும்ணே.”

“உக்காருங்க மாஸ்டர். நாப்பதும் ஒரே நேரத்துல கட்டணுமா?”

“இல்லண்ணே, ரெண்டு தவணை. திங்கக்கிழமைக்குள்ள இருபத்திரண்டு கட்டிரணும். மிச்சம் கார்த்திகையில.”

இந்த ஒரு கேள்வியில் 40,000 ரூபாய் 22,000 ஆகிவிட்டது. கடனுக்குக் காரணம் கேட்பது ஆளை எடைபோட இல்லை. எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று தெரிந்துகொள்ளத்தான். அடுத்தது, தவணை அவர் வீட்டுக்குத் தாங்குமா என்பது. 15,000 ரூபாயைப் பத்துத் தவணையில் கொடுத்தால் மாதம் 1,500 பிடித்தம். வழக்கம்போல நடுமாதத்தில் 4,200 ரூபாய் வாங்கியிருந்தாலும், இ.எஸ்.ஐ. பிடித்தமும் போக, ஒன்றாம் தேதி 12,000 ரூபாய்ச் சொச்சம் கையில் கிடைக்கும். வீட்டு வாடகையும் மளிகையும் நடக்கும்.

இரக்கப்பட்டு நாற்பதையும் கொடுத்து, எட்டே மாதத்தில் முடிக்கிறேன் என்று 5,000 பிடித்திருந்தால்? நடுமாதப் பணமும் தவணையுமாக 9,200 ரூபாய் போயிருக்கும், கையில் 8,800. சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடித்தம் கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்த 8,800 ரூபாயில் மதுரையில் ஒரு குடும்பம் மாதம் முழுக்க எப்படி ஓடும்? ஐந்தாம் தேதியே மறுபடி வந்து நிற்பார். பழைய கடனைப் பிடித்துக்கொண்டே புதுக்கடன் கொடுப்போம், நோட்டில் தொகை குறையவே குறையாது. இந்தச் சுழல் தொடங்கிவிட்டதா என்று பார்க்க ஒரே ஓர் இடம் போதும்: கைக்குப் போகிற சம்பளம் இரண்டு மாதம் தொடர்ந்து பாதியை ஒட்டி நின்றால் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிவிட வேண்டும். அதற்கு அவர் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

மீதி 7,000 ரூபாய்க்கு என்ன வழி? வீட்டில் ஒரு கம்மலோ மோதிரமோ இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கலாம். வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும். இதை முதலாளியே வாய்விட்டுச் சொல்வது நல்லது. நாம் இல்லையென்று சொன்ன மறுநிமிடம் வாசலில் காத்திருப்பது கந்துவட்டிக்காரர். பத்து வட்டிக்கு 20,000 வாங்கினால் மாதம் 2,000 ரூபாய் வட்டிக்கே போகும், முதல் அப்படியே நிற்கும். 2003-இலேயே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தும் இந்தப் பிழைப்பு நிற்கவில்லை. தண்டல்காரர் மாலையில் ஓட்டல் வாசலுக்கே வந்து நிற்க ஆரம்பித்தால், அல்லது ஒருவர் வாரத்துக்கு இரண்டு தரம் ஐந்நூறு, ஆயிரம் என்று வேறு வேறு காரணம் சொல்லிக் கேட்டால், வெளியே கடன் முற்றிவிட்டது என்று அர்த்தம். அவருக்கு மேலும் ஆயிரம் கொடுப்பதில் பயனில்லை. உட்காரவைத்து மொத்தக் கடனையும் எழுதச் சொல்லி, வட்டி அதிகமானதை முதலில் அடைக்க உதவுவதில்தான் பயன்.

ஆஸ்பத்திரிச் செலவென்று கேட்டால் முதலில் இ.எஸ்.ஐ. அட்டையைக் கேளுங்கள். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அது உண்டு. குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கும். மாதாமாதம் பிடித்தம் போய்க்கொண்டே இருக்கும், வீட்டார் பெயரைச் சேர்க்காமல் விட்டதால் அவசரத்தில் பயன்படாமல் போகும். இதை நல்ல நாளிலேயே சரிபார்த்து வைப்பது பல கடன்களை வராமலே தடுக்கும். சாவு, விபத்து போன்றவற்றுக்கு மட்டும் ஒரு 5,000 ரூபாயைத் தனியாகக் கவரில் போட்டு வைத்து, வரிசை பார்க்காமல், கையெழுத்துகூட அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த நிமிடமே கொடுத்துவிட வேண்டும்.

கடனுக்கு ஒரு பக்கச் சீட்டு போதும்: தொகை, தேதி, மாதத் தவணை, எந்த மாதம் முடிகிறது, இருவர் கையெழுத்து. நகல் ஒன்று அவர் கையில் இருக்கட்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாக ரொக்கத்தில் வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை. பழைய பாக்கியையும் சேர்த்தே அந்தக் கணக்கு. எந்தத் தொகையானாலும் வங்கி வழியாகப் போட்டுவிடுவது இருவருக்கும் சாட்சி. வட்டி வேண்டாம். கூட வேலை செய்பவரை ஜாமீன் போடச் சொல்வதும் வேண்டாம். டீ மாஸ்டர் தவணை தவறினால் சப்ளையர் சம்பளத்தில் பிடிப்பது என்று வந்துவிட்டால், அன்றோடு அந்தச் சமையல்கட்டில் ஒற்றுமை போய்விடும்.

இல்லையென்று சொல்ல வேண்டிய நாளும் வரும். அதைக் கேட்ட அன்றைக்கே, தனியாக வைத்து, தேதியோடு சொல்ல வேண்டும். “இப்ப கடன் பணம் எல்லாம் வெளிய நிக்குது மாஸ்டர், ஆவணி பத்து வாக்குல பன்னெண்டாயிரம் சேர்ந்துரும், அடுத்த பேரு உங்களோடதுதான்” என்றால் அவர் வேறு ஏற்பாடு பார்ப்பார். “பாக்கலாம், பாக்கலாம்” என்று இழுத்தடித்துக் கடைசி நாளில் கைவிரிப்பதுதான் ஆளை உடைக்கும்.

ஓட்டல் முதலாளிகள் பயப்படுவது இன்னொன்று: பரோட்டா மாஸ்டர் சேரும்போதே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, இரண்டே மாதத்தில் எதிர்க்கடைக்குப் போய்விடுவது. எதிர்க்கடைக்காரர் அதைவிடப் பெரிய அட்வான்ஸ் கொடுத்திருப்பார். இந்தப் பயத்தில் சிலர் ஆதார் அட்டையையும் ஏ.டி.எம். அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடனை முடிக்காமல் போகக்கூடாது என்று மிரட்டுகிறார்கள். கடனைக் காட்டி ஒருவரை வேலையில் கட்டிவைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சிறைத்தண்டனை உண்டு. சேர்கிற அட்வான்ஸைப் பதினைந்து நாள் சம்பளத்துக்குள் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஆறு மாதம் முடித்தால் ஒரு தொகை, வருடம் முடித்தால் ஒரு தொகை என்று ஊக்கப்பணமாக எழுதிக் கொடுக்கலாம். முன்னால் கொடுத்துவிட்டுத் துரத்துகிற பணம் அப்போது, இருந்து வேலை செய்ததற்குக் கொடுக்கிற பணமாகிவிடும். அப்படியும் போகிறவர் போவார். அவர் கொண்டுபோவது பதினைந்து நாள் சம்பளம் மட்டுமே என்பதால் அந்த மாத மண்டி பாக்கி தவறாது.