விதைநெல்லும் ஒரு முட்டையும்
(உழவர் பயிற்சிப் படத்துக்கு எழுத்துப்படி அமைக்கும் முறை)



தஞ்சைப் பகுதியில் நெல் பயிரிடும் என் மாமா சென்ற ஆண்டு எனக்கு ஒரு வேலை வைத்தார். "தம்பி, நல்ல விதையைத் தெரிந்தெடுக்கும் முறையைப் படமாக எடுக்கிறோம். படம் ஐந்து நிமிடம் ஓடும். எங்கள் ஊரார் கைப்பேசியில் பார்ப்பார்கள். நீ எழுதிக் கொடு" என்றார். ஆசிரியர் வேலை பார்ப்பவனுக்கு இஃது எளிதென்று எண்ணி உட்கார்ந்தேன். மூன்று முறை கிழித்து எழுதிய பின்னரே அது படமாயிற்று. அதில் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முறையை அறிந்துகொள்வோம். நெல்லில் முற்றி விளைந்த மணியும் உண்டு. உள்ளே ஒன்றுமில்லாத பதரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே பாதி நிரம்பிய அரைக்காய் நெல்லும் உண்டு. வெறும் நீரில் போட்டால் பதர் மிதக்கும். ஆனால் அரைக்காய் நெல் முற்றிய நெல்லோடு சேர்ந்து மூழ்கிவிடும். அதை விதைத்தால் நாற்று மெலிந்து வரும். நீரில் உப்பைக் கரைத்தால் நீர் கனக்கும். அப்பொழுது உள்ளே காற்று தங்கியுள்ள அரைக்காய் நெல்லும் மேலே வந்துவிடும். முற்றிய மணி மட்டும் அடியில் தங்கும்.

எவ்வளவு உப்பு? 10 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தேவைப்படும். ஆயினும் ஈர உப்புக்கும் காய்ந்த உப்புக்கும் அளவு மாறும். ஆகவே உழவர்கள் ஒரு கோழிமுட்டையை அளவுகோலாக வைத்துக்கொள்கின்றனர். புதிய முட்டை வெறும் நீரில் மூழ்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே போனால் அது மேலெழும்பும். அதன் ஓடு ஒரு நாணயத்தின் அளவு நீருக்கு வெளியே தெரியும்பொழுது உப்பு போதுமானதாகும்.

இனி எழுத்துப்படிக்கு வருவோம். என் முதற்படி இவ்வாறு தொடங்கிற்று: "கரைசலின் அடர்த்தி மிகும்பொழுது எடை குறைந்த விதைகள் மேற்பரப்பை அடைகின்றன." வகுப்பறையில் இவ்வாக்கியம் தவறன்று. ஆனால் படம் பார்ப்பவர் அதனைத் திரும்பப் படிக்க இயலாது. காதில் விழுந்த அந்த ஒரு கணத்திலேயே பொருள் விளங்க வேண்டும். மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அடர்த்தி என்றால் காடா, தம்பி?" என்று கேட்டார். பிறகு, "உப்புத் தண்ணீர் கனமானது. சொத்தை நெல்லை அது மேலே தள்ளிவிடும்" என்று மாற்றினேன்.

நாணயத்திலும் தவறினேன். நம் நாட்டு வழக்கப்படி "50 காசு அளவு" என்று எழுதியிருந்தேன். அங்கே 50 காசு என்றால் வேறு நாணயம். "5 ரூபாய்க் காசு அளவு" என்று திருத்தினோம். பார்ப்பவர் மடியில் இருக்கும் பொருளே அவருக்கேற்ற அளவுகோல்.

எழுதும் தாளை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் கண் காண்பது. வலப்பக்கம் காது கேட்பது. இடப்பக்கத்தை முதலில் நிரப்புவதே நலம். கை செய்யும் வேலை முழுவதையும் படம் காட்டிவிட்டால் சொற்கள் தாமே குறைந்துவிடும். எங்கள் படத்தின் ஒரு பகுதி இது:

காட்சி 1. வாளியில் வெறும் நீர். கை முட்டையை உள்ளே விடுகிறது. முட்டை அடியில் படுகிறது.
குரல்: "புது முட்டை. வெறும் தண்ணீரில் மூழ்கும்."

காட்சி 2. கை உப்பைப் போட்டுக் கலக்குகிறது. முட்டை மெல்ல எழும்புகிறது. அருகில் 5 ரூபாய்க் காசு.
குரல்: "உப்பு கரையக் கரைய முட்டை ஏறும். இந்தக் காசு அளவு வெளியே தெரிந்தால் போதும்."

காட்சி 3. முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டிக் கையால் நன்றாகக் கிளறுதல். மிதப்பதைச் சல்லடையால் அள்ளுதல்.
குரல்: "நன்றாகக் கிளறுங்கள். நெல்லில் ஒட்டிய காற்றுக் குமிழி போகட்டும். மிதப்பதை எடுத்துவிடுங்கள்."

முதற்காட்சி வீணென்று நான் நீக்கியிருந்தேன். மாமாதான் அதைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். நாள்பட்ட முட்டை வெறும் நீரிலேயே மிதக்கும். அத்தகைய முட்டையை நம்பினால் போதிய உப்பில்லாமலே வேலை முடிந்துவிடும். அரைக்காய் நெல் பிரியாது. முதலில் மூழ்கிக் காட்டுவதே முட்டைக்கு வைக்கும் தேர்வு.

'ஏன்' என்ற கேள்விக்கும் படமே விடை தர வேண்டும். இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்தோம். ஒன்றில் வெறும் நீர். மற்றதில் உப்பு நீர். ஒரே மூட்டையிலிருந்து ஒவ்வொரு பிடி நெல்லை இரண்டிலும் போட்டுக் கலக்கினோம். வெறும் நீரில் மிதந்தவை சில. உப்பு நீரில் மிதந்தவை பல. அந்தக் காட்சியில் குரலே வேண்டா என்று விட்டுவிட்டோம்.

படம் முடிந்தவுடன் உழவர் இருவரிடம் காட்டினோம். "புரிந்ததா?" என்று கேட்டால் யாவரும் மரியாதைக்காகப் "புரிந்தது" என்றே கூறுவர். ஆகையால் வாளி, உப்பு, முட்டை, நெல் ஆகியவற்றை முன்னே வைத்து, "செய்து காட்டுங்கள்" என்றோம். இருவரும் முட்டை வரையில் சரியாகச் செய்தனர். மூழ்கிய நெல்லை எடுத்தவுடன், அவருள் ஒருவர் அதை அப்படியே சாக்கில் கட்டப் போனார். எனக்குத் திக்கென்றது. உப்போடு ஊறினால் விதையின் முளைப்பு கெடும். ஒரு பருவத்து நாற்றங்காலே போய்விடக்கூடும். குற்றம் அவருடையதன்று. கழுவும் வேலையை நான் ஒரே வாக்கியத்தில், மூன்று நொடிக் காட்சியில் முடித்திருந்தேன். எந்தப் படி தவறினால் இழப்பு பெரிதோ, அந்தப் படிக்கே படத்தில் நேரம் மிகுதியாக வேண்டும்.

எனவே கழுவுதலை மீண்டும் எடுத்தோம். நெல்லை நல்ல நீரில் போட்டு அலசி, நீரை வடித்து, மறுபடி நீர் ஊற்றி, மூன்று முறையும் வெட்டாமல் காட்டினோம். குரல், "ஒன்று... இரண்டு... மூன்று" என்று எண்ணியது. உப்பு நீரை நாற்றங்காலிலோ செடியடியிலோ ஊற்றலாகாது என்பதையும் சேர்த்தோம். மருந்து கலந்த விதையை இம்முறைக்கு எடுக்க வேண்டா என்றும், எடுத்த பதரைக் கோழிக்குப் போடுமுன் அது மருந்து படாத நெல்தானா என்று பார்க்க வேண்டுமென்றும் சொன்னோம். அடுத்த மூட்டையைக் கொட்டுமுன் முட்டையை மீண்டும் விட்டுப் பார்க்கவும் காட்டினோம். நீரின் கனம் மாறியிருக்கக்கூடும்.

ஒன்றை மட்டும் மிகைப்படுத்தவில்லை. மூழ்கும் நெல்லெல்லாம் முளைக்கும் என்று எங்கும் எழுதவில்லை. நெடுநாள் கிடந்து உயிர் போன விதையும் கனமாயிருந்தால் மூழ்கும். ஆகவே கடைசிக் காட்சியில், கழுவிய நெல்லில் நூறு மணிகளை எண்ணி, ஈரத் துணியில் சுற்றி வைத்து, சில நாளில் எத்தனை முளைத்தன என்று எண்ணிக் காட்டினோம்.

மறுபடி அதே உழவரை அழைத்துப் படத்தைக் காட்டினோம். அவர் வாளியருகே குந்தி, நெல்லை அலசிக்கொண்டே, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தாமே எண்ணினார். அன்றைக்குத்தான் என் எழுத்துப்படி முடிந்தது.