வாய் நிறைய கடல், மாதக்கணக்கில் பட்டினி

2009 மே மாதம். அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள வில்ஹெல்மினா விரிகுடாவுக்குள் ஒரு ஆய்வுக் கப்பல் நுழைந்தது. அங்கே அது இலையுதிர்காலம். கடல் உறையத் தொடங்கியிருக்க வேண்டிய நேரம், ஆனால் அந்த ஆண்டு பனிக்கட்டி தாமதித்துவிட்டது. டக்ளஸ் நொவாசெக், ஆரி ஃப்ரீட்லேண்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒலிக்கருவியை இறக்கிப் பார்த்தபோது, விரிகுடாவில் சுமார் 20 லட்சம் டன் கிரில் திரண்டிருப்பது தெரிந்தது. அதன்மேல் 306 கூன்முதுகுத் திமிங்கலங்களை அவர்கள் எண்ணினார்கள். பகலில் கிரில் ஆழத்துக்குப் போய்விடும், திமிங்கலங்கள் மேலே ஓய்வெடுக்கும். இருட்டியதும் கிரில் மேலெழும்பும், இரவெல்லாம் வேட்டை நடக்கும்.

இவ்வளவு உணவு கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு, இந்தத் திமிங்கலங்கள் ஒவ்வோர் ஆண்டும் கொலம்பியா, பனாமா, கோஸ்டா ரிகா கரைகளுக்குப் போகின்றன. அண்டார்க்டிக் தீபகற்பத்திலும் கோஸ்டா ரிகாவிலும் ஒரே திமிங்கலங்களைப் படம்பிடித்து உறுதி செய்தபோது, ஒருவழிப் பயணம் மட்டுமே 8,400 கிலோமீட்டர் அளவுக்கு வந்தது. வாலின் அடிப்பக்கத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் திமிங்கலத்துக்குத் திமிங்கலம் வேறுபடும் என்பதால் அடையாளம் பிசகாது. போய்ச்சேரும் வெப்பக் கடலில் அவற்றுக்கு உணவு அநேகமாக இல்லை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்து திரும்புகின்றன.

ஏன் இப்படி? விடையின் பெரும்பகுதி அவற்றின் வாய்க்குள் இருக்கிறது.

கூன்முதுகுத் திமிங்கலம், நீலத்திமிங்கலம், ஃபின் திமிங்கலம் ஆகியவற்றுக்குப் பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து இருபுறமும் நூற்றுக்கணக்கான தகடுகள் வரிசையாகத் தொங்குகின்றன. இவைதான் பலீன். நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ, அதே கெரட்டின்தான் இதுவும். தகட்டின் வெளிவிளிம்பு வழவழப்பாக இருக்கும். நாக்கு உரசும் உள்விளிம்பு தேய்ந்து நார் நாராகப் பிரியும். பக்கத்துத் தகடுகளின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தண்ணீரை விட்டு இரையைப் பிடித்துக்கொள்ளும் அடர்த்தியான வலையாகிவிடுகின்றன. தேயத் தேயத் தகடு மேலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும்.

அண்டார்க்டிக் கிரில் இறாலைப் போன்ற உயிரினம், நன்றாக வளர்ந்தாலும் ஆறு சென்டிமீட்டர்தான். இவ்வளவு சிறிய இரையைக் கொண்டு இவ்வளவு பெரிய உடலை வளர்க்க வேண்டுமானால், ஒவ்வொன்றாகத் துரத்திப் பலனில்லை. கூட்டத்தோடு, அது மிதக்கும் தண்ணீரோடு, ஒரே வாயில் அள்ள வேண்டும்.

இருபது மீட்டர் நீளமுள்ள ஒரு ஃபின் திமிங்கலத்தை எடுத்துக்கொள்வோம். அது கிரில் கூட்டத்தை நோக்கி விசையாக நீந்தி, வாயைக் கிட்டத்தட்டச் செங்கோணத்துக்குத் திறக்கிறது. தாடையிலிருந்து தொப்புள்வரை ஓடும் தொண்டை மடிப்புகள் விரிந்து, வயிற்றுப்பக்கம் முழுவதும் ஒரு பெரிய பையாகிறது. நாக்கு, கழற்றும் சட்டையின் கை உள்புறமாகப் புரள்வதுபோல, பின்னோக்கிப் புரண்டு அந்தப் பைக்கு இடம்விடுகிறது. சில வினாடிகளில் சுமார் 70 டன் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. திமிங்கலத்தின் சொந்த எடையைவிட இது அதிகம். தண்ணீரின் எதிர்ப்பால் அதன் வேகம் சட்டென்று விழுந்து, ஏறக்குறைய நின்றேவிடுகிறது.

இவ்வளவு பெரிய வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைத் திமிங்கலம் எப்படிச் சரியாகக் கணிக்கிறது? அதன் கீழ்த்தாடை எலும்புகள் இரண்டும் முகவாயில் ஒட்டாமல் தனித்தனியாக இருக்கின்றன. அந்த இடைவெளியில் நரம்புகள் நிறைந்த ஓர் உணர்வுறுப்பு இருப்பதை நிக்கோலஸ் பியன்சன் குழுவினர் 2012இல் விவரித்தார்கள். தாடை எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை அது மூளைக்குச் சொல்வதாக அவர்கள் கருதுகிறார்கள். மூச்சுக்குழலுக்குள் தண்ணீர் பாயாமல் இருக்கும் காரணம் 2022இல்தான் துலங்கியது. வாயின் பின்பகுதியில் தசையும் கொழுப்புமாக ஒரு தடித்த அடைப்பு இருக்கிறது. வாய் திறந்திருக்கும்போது அது தொண்டையை மூடிக்கொள்கிறது, விழுங்கும்போது விலகிக்கொள்கிறது.

வாய் மூடியதும் தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. தண்ணீர் தகடுகளுக்கு இடையே வெளியேறுகிறது, கிரில் உள்ளே தங்குகிறது. இதற்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கும். பிறகு விழுங்கல், அடுத்த பாய்ச்சல். மூச்சு தீரும்வரை ஒரே முங்கலில் பல பாய்ச்சல்கள்.

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். அந்த 70 டன் தண்ணீரில் ஃபின் திமிங்கலத்துக்குக் கிடைக்கும் கிரில் ஏறத்தாழ 10 கிலோ என்று ஜெரமி கோல்ட்போகன் குழு மதிப்பிட்டது. வேகமெடுக்கவும், நின்றுபோன உடலை மீண்டும் நகர்த்தவும், தண்ணீரைப் பிழிந்து தள்ளவும் ஆகும் சக்தியை அந்தப் பத்துக் கிலோவே ஈடுகட்ட வேண்டும். கிரில் அடர்த்தியாக இருந்தால் லாபம் பல மடங்கு. விரவிக் கிடந்தால் ஒவ்வொரு பாய்ச்சலும் நஷ்டம். ஆகவே திமிங்கலத்துக்குக் கடலில் மொத்தம் எவ்வளவு கிரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. ஒரே இடத்தில் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதே முக்கியம். அப்படி நெருக்கமாகக் கிடைக்கும் நாள்களில் அது விடாமல் தின்கிறது. கலிபோர்னியக் கடலில் உண்ணும் நீலத்திமிங்கலம் நாளொன்றுக்குச் சுமார் 16 டன் கிரில் உட்கொள்கிறது என்று, கருவி பொருத்தி நடத்திய ஆய்வு 2021இல் சொன்னது. முன்பு நினைத்திருந்ததைப் போல மூன்று மடங்கு அது.

துருவக் கடலில் இந்த நெருக்கம் கோடையில்தான் வாய்க்கும். நீண்ட பகலில் நுண்பாசிகள் பெருகும், கிரில் மேலே வந்து தின்று கொழுக்கும். குளிர்காலத்தில் சூரியன் மங்கி, கடல்மேல் பனி மூடி, கிரில் எட்டாத இடங்களுக்குப் போய்விடும். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய விலங்குக்குப் பனி மூடிய கடலே ஓர் ஆபத்து. சில மாத விளைச்சலைக் கொழுப்பாக உடலில் ஏற்றிக்கொண்டு மிச்ச மாதங்களைக் கடத்துவதே வழி. பெரிய உடலில் அதிகம் ஏற்றலாம், குறைந்த செலவில் தொலைதூரம் போகலாம். திமிங்கலங்கள் இன்றைய பிரம்மாண்ட அளவுக்கு வளர்ந்தது கடந்த 45 லட்சம் ஆண்டுகளுக்குள்தான் என்று புதைபடிவங்களை அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். பனிப்படலங்கள் பெருகி, கடலின் உணவு பருவத்துக்குப் பருவம், இடத்துக்கு இடம் குவியத் தொடங்கிய காலமும் அதுவே.

சரி, பசியோடுதான் இருக்கப்போகிறது என்றால் அருகிலேயே எங்காவது காத்திருக்கலாமே, பூமத்திய ரேகைவரை ஏன் போக வேண்டும்? இதற்கு மூன்று விளக்கங்கள் பேசப்படுகின்றன. பிறக்கும் குட்டிக்குக் கொழுப்புப் படலம் மெல்லியது, வெதுவெதுப்பான கடலில் உடல்சூட்டுக்குச் செலவாகும் சக்தி வளர்ச்சிக்குப் போகும் என்பது பழைய விளக்கம். ஆனால் அதைவிடச் சிறிய ஓர்கா குட்டிகள் அண்டார்க்டிக் நீரிலேயே பிறந்து வளர்கின்றனவே என்ற கேள்வி அதைத் தொந்தரவு செய்கிறது. அந்த ஓர்காக்களே காரணம் என்றார்கள் கோர்கெரனும் கானரும், 1999இல். குட்டிகளைக் கொல்லும் ஓர்காக்கள் குளிர்க்கடலில் அதிகம், வெப்பக் கடலில் குறைவு. மூன்றாவது விளக்கம் ராபர்ட் பிட்மன் குழு 2020இல் முன்வைத்தது. உறைநீரில் திமிங்கலம் உடல்சூட்டைக் காக்கத் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் தோல் புதுப்பிக்கப்படாமல், அதன்மேல் மஞ்சள் நிறமாக நுண்பாசி படிகிறது. வெப்பக் கடலுக்கு வந்தால் பழைய தோலை உரித்துவிடலாம். இந்த மூன்றும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. குட்டி போடாத பெண்களும் ஆண்களும்கூடப் பயணம் செய்வதைப் பார்த்தால், தோல் விளக்கத்துக்கு இதுவரை தந்ததைவிட அதிக இடம் தரவேண்டும் என்றே தோன்றுகிறது.

உணவுதான் கணக்கின் அடித்தளம் என்பதற்கு நம் பக்கத்துக் கடலே சாட்சி. ஓமான் கரையை ஒட்டி அரபிக்கடலில் வாழும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் எந்தத் துருவத்துக்கும் போவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அடிநீரை மேலே கொண்டுவருவதால் வெப்பக் கடலிலேயே அவற்றுக்கு இரை கிடைத்துவிடுகிறது. 2017இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் திமிங்கலம் அரபிக்கடலைக் கடந்து இந்தியாவின் தென்முனைவரை வந்து திரும்பியது. அதற்கு மேல் தெற்கே போகவில்லை. இலங்கையின் மிரிஸ்ஸ, திருகோணமலைக் கடல்களில் தென்படும் நீலத்திமிங்கலங்களும் அப்படியே. அவை வட இந்தியப் பெருங்கடலைவிட்டு அகலுவதில்லை. அவற்றின் கழிவை ஆஷா டி வோஸ் குழு ஆராய்ந்தபோது, அவை பெரும்பாலும் தின்றது கிரிலை அல்ல, நம் கூனி இறால் சேர்ந்த குடும்பத்து இறால்களை என்று தெரிந்தது.

துருவக் கடலை நம்பியிருப்பவற்றுக்கு இந்த வசதி இல்லை. கோடையில் சேர்த்த கொழுப்பு போதாவிட்டால் என்ன ஆகும் என்பதை, அந்த வில்ஹெல்மினா விரிகுடா உள்ள தீபகற்பத்திலேயே லோகன் பாலின், ஃப்ரீட்லேண்டர் முதலானோர் எட்டு ஆண்டுகள் கண்காணித்தார்கள். சிறிய அம்பு எய்து தோலும் கொழுப்புமாக ஒரு துணுக்கை எடுத்து, அதிலுள்ள புரொஜெஸ்டிரான் ஹார்மோனை அளந்தால் பெண் திமிங்கலம் கருவுற்றிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கிரில் ஏராளமாக இருந்த ஆண்டை அடுத்து, 2017இல், சோதித்த பெண்களில் 86 சதவீதம் கருவுற்றிருந்தன. கிரில் குறைந்த ஆண்டை அடுத்து, 2020இல், 29 சதவீதம்தான்.

காரணம் புரியக்கூடியதே. கூன்முதுகுத் திமிங்கலத்தின் கர்ப்பம் பதினோரு மாதங்களுக்கு மேல். குட்டி பிறக்கும்போதே நாலு மீட்டர் நீளம், ஏறக்குறைய ஒரு டன் எடை. அதற்கு மாதக்கணக்கில் கெட்டியான கொழுப்புப் பாலைத் தாய் தரவேண்டும், அதுவும் எதுவும் தின்னாமல். பிறகு குட்டியோடு எட்டாயிரம் கிலோமீட்டர் திரும்ப வேண்டும். கருவுற்ற பெண்கள்தான் உணவுக் கடலைவிட்டுக் கடைசியாகக் கிளம்புபவை.

கிரில் குறைவதற்கு இந்தப் பகுதியில் முக்கியக் காரணம் கடற்பனி. குளிர்காலத்தில் கிரில் குஞ்சுகள் பனியின் அடிப்பரப்பில் ஒட்டிய பாசியைத் தின்று, அதன் இடுக்குகளில் ஒளிந்து பிழைக்கின்றன. உலகிலேயே வேகமாகச் சூடாகும் இடங்களில் ஒன்றான இத்தீபகற்பத்தில் பனி தாமதமாக வந்து சீக்கிரம் கரைகிறது. 2009இல் அந்த முந்நூற்றாறு திமிங்கலங்களுக்குக் கூடுதலாகச் சில வாரம் உண்ணக் கொடுத்த அதே பனியின்மை, அடுத்தடுத்த ஆண்டுகளின் கிரிலைக் குறைக்கக்கூடியது. இதே கடலில் மீன்தீவனத்துக்கும் எண்ணெய் மாத்திரைக்கும் கிரில் பிடிக்கும் கப்பல்களும் இயங்குகின்றன. அவற்றுக்கு ஆண்டுக்கு 6,20,000 டன் என்ற வரம்பு உண்டு. தென் அட்லாண்டிக்கில் கிரில் வாழும் முழுப் பரப்போடு ஒப்பிட்டால் அது சிறிய பங்குதான். ஆனால் கப்பல்களும் திமிங்கலங்களைப் போலவே கிரில் நெருக்கமாகத் திரளும் ஒருசில நீரிணைகளையே நாடுகின்றன. அதனால் இப்போது ஆய்வாளர்கள் கேட்பது மொத்த வரம்பைப் பற்றி மட்டுமல்ல, கருவுற்ற பெண்கள் கடைசிக் கொழுப்பைச் சேர்க்கும் வாரங்களில் எந்தெந்த விரிகுடாக்களில் வலையே இறங்கக் கூடாது என்பதைப் பற்றியும்.