செவ்வாய் இன்டர்வியூ, வெள்ளி வரை மௌனம்

இன்டர்வியூ முடிந்து வெளியே வருகிறவரிடம் "ரெண்டு நாள்ல சொல்றோம்" என்கிறார்கள். அந்த இரண்டு நாள் ஆறு நாளாகிறது, பத்து நாளாகிறது. வீட்டில் அப்பா ராத்திரி சாப்பிடும்போது "என்னம்மா, ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்கிறார். மறுநாள் அதையும் கேட்காமல் முகத்தை மட்டும் பார்க்கிறார். வேலை கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும் நாட்கள் அவை.

இந்த மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆளைத் தேடிப் பிடித்து, பேசி, நேரம் குறித்துக் கொடுப்பவர் ரெக்ரூட்டர். எடுப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர், யாருடைய குழுவில் அந்த ஆள் சேரப்போகிறாரோ அந்த ஹயரிங் மேனேஜர். மேனேஜர் தன் கருத்தை, அதாவது ஃபீட்பேக்கை, எழுதிக் கொடுக்காதவரை ரெக்ரூட்டருக்குச் சொல்ல எதுவும் இல்லை. சொல்ல எதுவும் இல்லாததால் விண்ணப்பதாரரின் போனை எடுக்கவே அவருக்குக் கூச்சமாகிவிடுகிறது. ஆகவே நடுவில் நிற்கிற ரெக்ரூட்டர் மேனேஜருக்கு அனுப்பும் ஒரு நினைவூட்டல் எப்படி எழுதப்படுகிறது என்பது சின்ன விஷயமாகத் தெரிந்தாலும், ஒரு குடும்பத்தின் அடுத்த மாதக் கணக்கு அதில் தொங்குகிறது.

சென்னை ஐ.டி. வட்டாரத்தில் அடிக்கடி நடப்பதைப் போன்ற ஒரு நிலைமையைப் பெயர்கள் இல்லாமல் எடுத்துக்கொள்வோம். ஐந்து வருட அனுபவம் உள்ள சாஃப்ட்வேர் டெஸ்டர் ஒருவர், பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார். ஐ.டி. துறையில் இது பல இடங்களில் மூன்று மாதம். அவருக்கு இன்னும் மூன்று வாரம்தான் பாக்கி. இப்படிப்பட்டவர்களைத்தான் ரெக்ரூட்டர்கள் முதலில் தேடுவார்கள், சீக்கிரம் சேர்ந்துவிடுவார் என்பதால். எல்லோரும் அவர்களையே தேடுவதால், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஆஃபர் கையில் வைத்திருப்பவர்களும் அவர்களே.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு மேனேஜரோடு இன்டர்வியூ. முக்கால் மணி நேரம் நடந்தது. பன்னிரண்டு மணிக்கு மேனேஜருக்கு வாடிக்கையாளரோடு கால், அதன் பின் மதியச் சாப்பாடு, பிறகு வேறொரு மீட்டிங். ஃபீட்பேக் படிவத்தை அவர் திறக்கவே இல்லை. புதன் மாலை அந்தப் பெண் ரெக்ரூட்டருக்கு ஒரு செய்தி அனுப்பினார். வியாழன் காலை ரெக்ரூட்டர் மேனேஜருக்கு முதல் மெயில் போட்டார். நாலு விண்ணப்பதாரர்களின் பெயர் கொண்ட ஒரு அட்டவணை, மேலே ஒரே வரி: இவர்களுக்கான ஃபீட்பேக்கைக் கூடிய விரைவில் தரவும்.

பதில் இல்லை.

அந்த மெயிலில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் நாலு பேரில் யார் அவசரம், யாருக்குப் பொறுக்கலாம் என்று அது சொல்லவில்லை. "கூடிய விரைவில்" என்ற சொல்லுக்கு ஒரு நாளும் இல்லை, மணியும் இல்லை. நாலு படிவமும் நிரப்ப ஒரு மணி நேரமாவது ஆகும் என்று மேனேஜரின் மனம் கணக்குப் போட்டிருக்கும். ஒரு மணி நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று அதை ஒதுக்கியிருப்பார். அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை.

இன்டர்வியூ ஃபீட்பேக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தள்ளிப்போட்டால் வேலை அப்படியே இருக்காது, கெட்டுப்போகும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதனைப் பொருளாக வைத்து, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் நழுவியது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அர்த்தமுள்ள உரையாடல் இவ்வளவு வேகமாக மறக்காதுதான். ஆனாலும் போகும் வரிசை ஒன்று உண்டு. கேட்ட கேள்வியும் வந்த பதிலும் முதலில் போகும், "நல்லாப் பேசினாங்க" என்ற பொதுவான எண்ணம் மட்டும் தங்கும். இடையில் இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டால் ஒருவர் சொன்ன பதில் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடுவதும் நடக்கிறது.

இதை ஃபீட்பேக்கைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அன்றைக்கே எழுதியதில் "பழைய டெஸ்ட்கள் அடிக்கடி உடைவதை எப்படிச் சரிசெய்தார் என்று கேட்டேன், காரணங்களை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்" என்பது போன்ற வரி இருக்கும். நாலு நாள் கழித்து எழுதியதில் "தொழில்நுட்ப அறிவு நன்று, தகவல் தொடர்பு நன்று, சராசரிக்கு மேல்" என்று இருக்கும். அந்த வரியை எந்த விண்ணப்பதாரர் பெயருக்குக் கீழேயும் ஒட்டலாம். அடுத்த சுற்றில் பேசப்போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வெள்ளி காலை நிலைமை மாறியது. அந்தப் பெண்ணே போன் செய்தார். வேறொரு கம்பெனி கொடுத்த ஆஃபருக்குத் திங்கள் காலை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் இடம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒன்றும் தெரியாமல் அதை எப்படி விடுவது என்று கேட்டார். ரெக்ரூட்டர் உடனே இரண்டாவது நினைவூட்டலை எழுதினார். மெயிலில் இல்லை, அலுவலக சாட்டில். ஆங்கிலத்தில் போன அதன் சாரம் இது:

"சார், செவ்வாய் பதினொரு மணிக்கு நீங்கள் பார்த்த டெஸ்டர் பற்றி மட்டும் கேட்கிறேன், மற்ற மூவருக்கும் புதன் வரை நேரம் இருக்கிறது. இவருக்கு வேறொரு ஆஃபர் வந்து, திங்கள் காலை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தேவை இரண்டு: அடுத்த சுற்றுக்கு அனுப்பலாமா வேண்டாமா, அதற்கு அவர் சொன்ன பதிலிலிருந்து ஒரு காரணம். படிவம் திறக்க நேரம் இல்லையென்றால் இரண்டு நிமிட வாய்ஸ் நோட் போதும், நான் தட்டச்சு செய்து உங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன். முடிவெடுக்க ஏதாவது தடையாக இருந்தால் ஒரு மணிக்கு அழைக்கிறேன். இன்று மாலை ஆறு மணிக்கு அவரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்."

நாலு பெயர் ஒரு பெயராகிவிட்டது. அவசரத்துக்கு ஒரு நிஜமான காரணம் இருக்கிறது. இங்கே "நிஜமான" என்ற சொல் முக்கியம். ஆளைத் துரத்துவதற்காக இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்கிற ரெக்ரூட்டர்கள் உண்டு. இரண்டாவது தடவையே அது வெளுத்துவிடும், அதற்குப் பிறகு உண்மையான கெடுவையும் மேனேஜர் நம்பமாட்டார். வாய்ஸ் நோட்டைத் தட்டச்சு செய்கிறேன் என்றவர் அதைத் திரும்பக் காட்டுவதாகவும் சொல்கிறார். தீர்ப்பை ரெக்ரூட்டரே எழுதி மேனேஜர் பெயரில் போட்டுவிட்டால், பின்னால் யாராவது ஏன் என்று கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

எல்லாவற்றையும் விட அருமையான வரி, "முடிவெடுக்க ஏதாவது தடையாக இருந்தால்" என்பது. அனுபவமுள்ள ரெக்ரூட்டர்களுக்கு ஒன்று தெரியும். மிக நன்றாகச் செய்தவருக்கு ஃபீட்பேக் அரை மணியில் வந்துவிடும், "விட்றாதீங்க" என்று மேனேஜரே போன் செய்வார். சுத்தமாகப் பொருந்தாதவருக்கும் சீக்கிரம் வரும். நாள் கணக்கில் நிற்பவை நடுவில் இருக்கிறவர்களுடையவை. நேரமில்லை என்று மேனேஜர் சொன்னாலும், உள்ளே இருப்பது தயக்கம். இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு இவரோடு ஒப்பிடலாம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. நேரம் இல்லாதவருக்கு நினைவூட்டல் உதவும். தயங்குகிறவருக்கு எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும் அது நச்சரிப்பாகத்தான் போய்ச் சேரும். அவரோடு பேசத்தான் வேண்டும்.

ஒரு மணிக்கு ரெக்ரூட்டர் அழைத்தார்.

"சார், எங்க இடிக்குது?"

"நல்ல பொண்ணுதாம்மா. டெஸ்ட் ஆட்டோமேஷன் நல்லாத் தெரியுது. ஆனா லோட் டெஸ்டிங் செஞ்சதில்லைன்னு நேராவே சொல்லிட்டாங்க. கத்துக்குவாங்கன்னுதான் தோணுது."

"இந்த வேலைக்கு அது முதல் மாசமே வேணுமா சார், இல்ல ஆறு மாசம் கழிச்சா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அடுத்த மாசம் ரிலீஸ். சொல்லிக் கொடுக்க டீம்ல ஆளில்லை."

"அப்போ இந்த இடத்துக்கு வேண்டாம்னு போட்டுக்கட்டுமா சார்?"

"ஆமா, போடுங்க. லோட் டெஸ்டிங் காரணம்னு எழுதுங்க. வேற இடம் வந்தா அவங்களை முதல்ல கூப்பிடணும், அதையும் எழுதிடுங்க."

பேச்சு நாலு நிமிடத்தில் முடிந்தது. செவ்வாய் பதினொன்றே முக்காலுக்கே இந்தக் கேள்வியை மேனேஜர் தன்னிடம் கேட்டிருக்கலாம். அதற்காகத்தான் சில நிறுவனங்களில் இன்டர்வியூவுக்குக் காலண்டரில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பேச்சை முக்கால் மணியில் முடித்து, மிச்சக் கால் மணியை எழுதுவதற்கென்றே வைக்கிறார்கள். வேறு சில இடங்களில், எழுதாத ஃபீட்பேக் நிலுவையில் இருக்கும்வரை அந்த மேனேஜருக்குப் புதிய இன்டர்வியூ எதுவும் போடுவதில்லை. மேலதிகாரியை மெயிலில் சேர்த்துப் புகார் செய்வதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. புகார் ஒரு தடவை பதிலை வரவழைக்கும், உறவைக் கெடுத்துவிடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இந்த மௌனத்துக்குச் சட்டத்திலேயே கெடு வைத்திருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை இன்டர்வியூ செய்தால், அவருடைய கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாட்களுக்குள் ஆளெடுப்பில் முடிவு எட்டப்பட்டதா என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இது நடைமுறை. ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வேலை தேடும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். காரணம் சொல்ல வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை, 45 நாள் என்பதும் நீண்ட காலம்தான். ஆனாலும் பதில் சொல்வது மரியாதை என்ற நிலையிலிருந்து கடமை என்ற நிலைக்கு அங்கே நகர்ந்திருக்கிறது.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு ரெக்ரூட்டர் அந்தப் பெண்ணை அழைத்தார். இந்த வேலைக்கு எடுக்கவில்லை, முதல் மாதமே லோட் டெஸ்டிங் தெரிந்தவர் தேவைப்படுகிறார், மற்றதெல்லாம் மேனேஜருக்குப் பிடித்திருந்தது என்று சொன்னார். மறுமுனையில் ஒரு நிமிடம் ஏமாற்றம் தெரிந்தது. அப்புறம் அந்தப் பெண் கேட்டார், "அப்போ நான் அந்த ஆஃபருக்கு சரின்னு சொல்லிடலாமில்ல மேம்?" சொல்லிவிடுங்கள் என்றார் ரெக்ரூட்டர். சனிக்கிழமை காலையே அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார், கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதே.