இலைக்குள் இருக்கும் மீன் வெந்துவிட்டதா? பிரிக்கும் முன்பே அறியும் வழி

எண்ணெயைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்ன பெரியவர்கள் உள்ள வீடுகளில், பொரித்த மீனுக்குப் பதிலாக மீனை வாழையிலையிலோ அலுமினிய ஃபாயிலிலோ பொதிந்து வேகவைத்துக் கொடுக்கிறோம். நல்ல முறைதான். ஆனால் முதல் தடவை செய்பவர்களுக்கு இரண்டு குறைகளில் ஒன்று வந்துவிடுகிறது. மேலே வெந்தது போலத் தெரிந்து, நடுமுள்ளை ஒட்டிய சதை பச்சையாக நிற்கும். அல்லது அந்தப் பயத்திலேயே அதிக நேரம் வைத்து, மீன் சக்கையாகிவிடும். பல் இல்லாத பெரியவர்களுக்குச் சக்கை மீன் தொண்டையில் இறங்காது. வேகாத மீனோ வயிற்றைக் கெடுக்கும்.

இதற்குக் காரணம் கைப்பழக்கம் இல்லாதது மட்டுமல்ல. காரைக்குடிச் சமையலில் மீன் என்றால் குழம்பு, இல்லையென்றால் வறுவல். இரண்டிலும் மீன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. நிறம் மாறுவதைப் பார்க்கிறோம், கரண்டியால் தொட்டுப் பார்க்கிறோம். பொட்டலத்தில் அந்த வசதி இல்லை. கேரளத்தின் கரிமீன் பொள்ளிச்சது, பார்சிக்காரர்களின் பாத்ரா நி மச்சி, வங்காளத்துப் பாத்தூரி, நம்மவர்கள் பிழைக்கப் போன மலேயாவிலும் பர்மாவிலும் உள்ள இலை மீன் வகைகள் எல்லாம் காணாமலே கணிக்கும் சமையல்தான். அந்தக் கணிப்பைத்தான் இங்கே விளக்குகிறோம்.

பொட்டலத்துக்குள் நடப்பது என்ன?

மீன் சதையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். தோசைக்கல்லில் திறந்தபடி போட்டால், மேல்பகுதித் தண்ணீர் ஆவியாகி வெளியே போய்விடுகிறது. அதனால்தான் வறுவலின் மேல்புறம் மொறுமொறுப்பாகிறது. இலைக்குள் வைத்தால் அந்த ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றி, குளிர்ந்த மீன் மேல் பட்டுத் தண்ணீராகப் படிகிறது. அப்படிப் படியும்போது தன் சூட்டை மீனுக்குக் கொடுத்துவிடுகிறது. ஈரம் இருக்கும் வரை உள்ளே சூடு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஆகவே மேல்புறம் காய்வதில்லை, கருகுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீனின் மேல்புறம் காயாமல் இலை காக்கும். சதைக்குள் இருக்கும் சாற்றைக் காப்பது இலையின் கையில் இல்லை. மீன் சதை 50 டிகிரியை நெருங்கும்போது கண்ணாடித்தன்மை மாறி வெள்ளையாகிறது. 60 டிகிரியைத் தாண்டும்போது அடுக்கடுக்காகப் பிரிகிறது. 63 டிகிரி என்பது உணவுப் பாதுகாப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதற்கு மேல் 70, 80 என்று ஏற ஏற, சதை இழைகள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவது போலத் தம் சாற்றைத் தாமே பிழிந்து வெளியேற்றுகின்றன. பொட்டலம் நிறையத் தண்ணீர் இருந்தும் மீன் வறட்சியாக இருப்பது இதனால்தான். 'இலையில்தானே இருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் இருக்கட்டும்' என்று விடக் கூடாது.

மசாலாவும் இலையும்

உள்ளே சூடு 100 டிகிரிதான் என்பதால் மசாலா அங்கே வதங்காது, அவியும். பச்சை வெங்காயம், பூண்டு விழுதைத் தடவி மூடினால் மீன் வெந்த பிறகும் பச்சை வாடை நிற்கும். அது போகட்டும் என்று நேரத்தைக் கூட்டினால் மீன் கெடும். எனவே நம் ஊர்க் கார மசாலாவை எண்ணெய் பிரியும் வரை தனியே சுருள வதக்கி, ஆறவைத்த பிறகே தடவ வேண்டும். தேங்காய், மல்லித்தழை, புதினா, பச்சைமிளகாய் அரைத்த பச்சைச் சட்னி என்றால் வதக்க வேண்டாம். அதன் ருசியே பச்சையில் இருக்கிறது.

இலையை நெருப்பில் வாட்டாமல் மடித்தால் நரம்போடு கிழியும். தடித்த நடு நரம்பைச் சீவி எடுத்துவிட்டு, அடுப்புத் தணலுக்கு மேல் மெல்ல நகர்த்தினால் இலை கரும்பச்சையாகிப் பளபளக்கும். துணி போலத் துவளும். அதுதான் பதம். கிழிசல் இருந்தால் இரண்டு இலைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து மடித்து, நனைத்த வாழைநாரால் கட்டலாம்.

அரை கிலோ பாறை மீனில் ஒரு கணக்கு

நான்கு பேருக்கு அரை கிலோ பாறை மீன் எடுத்துக்கொள்வோம். கொழுப்புக் குறைவான மீன் என்பதால் கொஞ்சம் அதிகம் வெந்தாலும் காய்ந்துவிடும், கற்றுக்கொள்ள ஏற்றது. மீன்காரரிடம் நான்கு துண்டுகளையும் ஒரே தடிமனாக, சுமார் 2 சென்டிமீட்டர் அளவில் வெட்டச் சொல்லுங்கள். ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தால் எந்தக் கணக்கும் சரிவராது.

கழுவிய துண்டுகளை நன்றாக ஒற்றித் துடைத்து, ஒரு தேக்கரண்டி உப்பு, அரை தேக்கரண்டி மஞ்சள்தூள் தடவிப் பதினைந்து நிமிடம் வைக்கவும். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் அரை தேக்கரண்டி சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, 100 கிராம் சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளியை வதக்கவும். ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரை தேக்கரண்டி மிளகுத்தூள் சேர்த்துச் சுருண்டு வந்ததும் இறக்கி ஆறவிடவும். துண்டின் இரு பக்கமும் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். மசாலா தடிமனாக இருந்தால் சூடு மீனுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும்.

ஒரு துண்டுக்கு ஒரு பொட்டலம். இட்லிப் பானையில் ஆவி நன்றாக வந்த பிறகு வைத்து 10 நிமிடம் கழித்துச் சோதிக்கத் தொடங்கலாம். 12 நிமிடத்துக்குள் வெந்துவிடும். தோசைக்கல் என்றால் சிறுதீயில் மூடிபோட்டு ஒரு பக்கம் 7 நிமிடம், திருப்பி 6 நிமிடம். தடிமன் இருமடங்கானால் நேரம் இருமடங்குக்கும் மேல் ஆகும், ஏனெனில் சூடு நடுவுக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். ஆகவே முழு மீனானால் இரு பக்கமும் முள் வரை ஆழமாகக் கீறிவிடுங்கள்.

வெந்ததை அறிவது

இலை பழுப்பாவதும், ஃபாயில் உப்பி நிற்பதும் உள்ளே ஆவி சேர்ந்திருப்பதைத்தான் காட்டும். மீன் வெந்ததற்கு அடையாளம் ஆகாது. இதை நம்பி இறக்கினால்தான் நடுப்பகுதி பச்சையாக நிற்கிறது.

நம்பத்தக்கது கம்பிச் சோதனை. கபாப் சுடும் மெல்லிய எவர்சில்வர் கம்பியை இலையின் வழியாகவே மீனின் தடித்த இடத்தில், நடுமுள்ளுக்கு அருகே குத்துங்கள். வேகாத சதையில் கம்பி போகும்போது அடுக்குகளுக்கு இடையே உள்ள சவ்வு தடுப்பது கைக்குத் தெரியும். வெந்த சதையில் வெண்ணெயில் போவது போல இறங்கும். ஐந்து விநாடி வைத்திருந்து எடுத்து, நுனியை உதட்டுக்குக் கீழே மெல்லத் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் மூன்று நான்கு நிமிடம் வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் ஒன்றிரண்டு நிமிடம். நன்றாகச் சுட்டால் இறக்கிவிடலாம். சமையல் வெப்பமானி இருந்தால் அதே இடத்தில் 63 டிகிரி காட்ட வேண்டும்.

இறக்கியதும் பிரிக்காமல் மூன்று நிமிடம் விடுங்கள். பொட்டலத்தின் சூட்டில் மீன் இன்னும் கொஞ்சம் வேகும். சூடும் எங்கும் பரவும். பிறகு முகத்தை விலக்கி, உங்களுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தை முதலில் திறங்கள். அடைபட்ட ஆவி கையைப் பொசுக்கிவிடும்.

முதல் பொட்டலத்தைப் பிரித்து ஒருமுறை கண்ணாலும் பாருங்கள். மசாலா நிறம் ஏமாற்றும் என்பதால் மேலே பார்க்காமல், முள்ளுக்கு அருகே கரண்டியால் விலக்கிப் பார்க்க வேண்டும். சதை வெள்ளையாக, அடுக்கடுக்காகப் பிரிந்து, முள்ளைவிட்டுத் தானாக விலகினால் சரி. கண்ணாடி போலத் தெரிந்தாலோ, முள்ளோரம் சிவந்த இரத்தம் இருந்தாலோ மறுபடி மூடி இரண்டு நிமிடம் வையுங்கள். சதையின் மேல் தயிர்த்திரி போல வெள்ளையாகத் திரண்டு, நார் நாராகப் பிரிந்தால் அதிகம் வெந்துவிட்டது. அடுத்த பொட்டலங்களை உடனே இறக்குங்கள்.

கண்மாயில் பிடித்த விரால், கெண்டை போன்றவற்றில் பதத்தைக் குறைக்கவே கூடாது. நன்னீர் மீனில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம்; முள் வரை முழுவதும் வெந்தால்தான் அவை சாகும்.

ஃபாயில் என்றால்

ஃபாயில் இலையைவிட இறுக்கமாக மூடும். சூட்டையும் விரைவாகக் கடத்தும். தோசைக்கல்லில் அது தொடும் இடத்தில் மசாலா சீக்கிரம் அடிப்பிடிப்பதால் இட்லிப் பானையே அதற்கு ஏற்றது. புளி, எலுமிச்சை, தக்காளி, உப்பு ஆகியவை அலுமினியத்தை அரித்து உணவில் சிறிது கலக்கச் செய்யும். ஆகவே உள்ளே ஒரு வாட்டிய இலைத் துண்டு வைத்து, வெளியே ஃபாயில் சுற்றுங்கள். இலையின் மணமும் கிடைக்கும், ஒழுகவும் செய்யாது.

கடைசியாக, எந்தச் சோதனையும் கெட்ட மீனைத் திருத்தாது. சூரை, காணாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து நம் ஊருக்கு வரும் மீன் ஐஸில் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். சமைத்த பொட்டலத்தையும் நோயாளிக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும்படி சொல்லி அனுப்புங்கள். மூடிய இலை ஈரத்தைக் காக்கும். மீனைக் கெடாமல் காக்காது.