முகப்பில் காட்டுவது வேறு, தேடலில் காட்டுவது வேறு

கடைக்கென்று யூடியூப் அலைவரிசை வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மத்தியில் இப்பொழுது அதிகம். துணிக்கடை, ஹார்ட்வெயார், தொலைபேசி திருத்தும் கடை என்று எல்லோரும் வீடியோ போடுகின்றார்கள். ஆனால் அந்த அலைவரிசையின் கணக்கைப் பார்க்கும் போது பலர் ஒரே தவறைச் செய்கின்றார்கள். நானும் செய்தேன். அதனால் வந்த நஷ்டத்தையும், பிறகு கற்றுக்கொண்டதையும் இந்த வாரம் எழுதுகின்றேன்.

நான் தையல் இயந்திரங்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும் விற்பவன். திருத்த வேலையும் உண்டு. ‘தைக்கும் போது துணிக்கு அடியில் நூல் சிக்குப்படுகிறதா?’ என்ற தலைப்பில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். அடியில் சிக்கு விழுந்தால் பொபினில்தான் பிழை என்று பெரும்பாலானோர் நினைப்பார்கள். உண்மையில் அநேகமாகப் பிழை மேல் நூலில்தான் இருக்கும். இறுக்கும் தட்டுகளுக்கிடையில் நூல் சரியாக உட்கார்ந்திருக்காது. அழுத்தும் பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு நூலை மறுபடி கோர்த்தால் பல இயந்திரங்களில் வேலை முடிந்துவிடும். இதைத்தான் அந்த வீடியோவில் செய்து காட்டியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மாதாமாதம் சிலர் தொலைபேசியில் அழைத்துப் பொபின் கேஸ், ஊசி, பெல்ட் என்று கேட்பார்கள்.

மூன்றாம் மாதம் கணக்கைப் பார்த்த போது எனக்குத் திக்கென்றது. யூடியூப் ஸ்டூடியோவில் ‘Impressions click-through rate’ என்று ஓர் எண் இருக்கின்றது. முதல் மாதம் அது 9.75 வீதமாக இருந்தது. மூன்றாம் மாதம் 4.54 வீதம். வீடியோ விழுந்துவிட்டது என்று முடிவு செய்தேன். மருமகன் “தலைப்பில் விறுவிறுப்பில்லை மாமா” என்றார். தலைப்பை ‘இந்தத் தவறை நீங்களும் செய்கிறீர்களா?’ என்று மாற்றினோம். அடுத்த மாதம் கடைக்கு வரும் அழைப்புக்கள் பாதிக்கும் கீழே போயின.

எண் எதைச் சொல்கின்றது?

முதலில் இந்தக் கணக்கு என்னவென்று பார்ப்போம். உங்கள் வீடியோவின் சிறு படம், அதாவது தம்ப்நெயில், ஒருவருடைய திரையில் குறைந்தது பாதியளவு தெரிந்து, ஒரு விநாடிக்கு மேல் நின்றால் அது ஒரு காட்சித் தடவை. ஸ்டூடியோவில் இதற்கு ‘Impressions’ என்று பெயர். அந்தத் தடவைகளில் எத்தனையில் வீடியோ திறக்கப்பட்டது என்பதே சொடுக்கு வீதம். நூறு தடவை காட்டி ஐந்து தடவை திறந்தால் 5 வீதம்.

இங்கே எண்ணப்படுவது ஆட்களல்ல, தடவைகள். ஒரே ஆளுக்கு நான்கு முறை காட்டினால் நான்கு என்றே கணக்கு வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பினூடாக வந்து பார்த்தவர்கள் பார்வைகளில் சேருவார்கள். ஆனால் அது காட்சித் தடவையில் சேராது. ஆகவே இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்பத் தேவையில்லை.

இந்தத் தடவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் விடயமே இருக்கின்றது. யூடியூபைத் திறந்ததும் வரும் முகப்புப் பக்கத்தில் காட்டப்பட்டவை பெரும்பாலும் ‘Browse features’ என்ற பெயரில் இருக்கும். ஒருவர் சொற்களைத் தட்டித் தேடி, அந்தப் பட்டியலில் காட்டப்பட்டவை ‘YouTube search’ என்ற பெயரில் இருக்கும்.

கேட்டு வருபவரும் வழியில் போகிறவரும்

தேடலில் வருபவர் நம் கடைக்குள் வந்து “பதினாறாம் நம்பர் ஊசி இருக்கிறதா?” என்று கேட்பவரைப் போன்றவர். அவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எனவே இங்கே காட்சித் தடவைகளின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது, ஊரில் எத்தனை பேர் அந்தக் கேள்வியைக் கேட்கின்றார்கள் என்பதும், பட்டியலில் நாம் எந்த இடத்தில் நிற்கின்றோம் என்பதும்தான். வீடியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாதம் 300 தடவைதான் அந்தக் கேள்வி வருமென்றால் அதை 3,000 ஆக்க நம்மால் முடியாது. ஆனால் அந்தக் கேள்வி இந்த மாதமும் வரும், அடுத்த வருடமும் வரும். பெருநாளுக்கு முன்னர் வீடுகளில் தையல் கூடும் போது கொஞ்சம் ஏறும், பிறகு இறங்கும்.

முகப்பில் இருப்பவர் எதையும் கேட்டு வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு விரலால் தள்ளிக்கொண்டு போகின்றார். சமையல், கிரிக்கெட், செய்தி எல்லாவற்றுக்கும் நடுவே நம் படமும் வருகின்றது. அவருக்குக் காட்டலாம் என்று தீர்மானித்தது யூடியூப். ஆரம்பத்தில் நம் வீடியோக்களை ஏற்கெனவே பார்க்கின்றவர்களுக்கும் அவர்களைப் போன்ற விருப்பமுள்ளவர்களுக்கும் காட்டும். அவர்கள் திறந்து, தொடர்ந்தும் பார்த்தால் வட்டத்தைப் பெரிதாக்கும். வட்டம் பெரிதாகப் பெரிதாக, தையலில் அரை விருப்பம் உள்ளவர்களுக்கும் படம் போகும். அவர்களில் திறப்பவர்கள் குறைவு. ஆகவே முகப்பில் தடவைகள் கூடும் போது சொடுக்கு வீதம் இறங்குவது இயல்பு.

சுருக்கமாகச் சொன்னால், தேடலில் காட்சித் தடவை என்பது சந்தையில் இருக்கும் கேள்வியின் அளவு. முகப்பில் அது, வீடியோவுக்குக் கிடைத்த வரவேற்பின் விளைவு. ஒரே பெயரில் இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு சரக்குகள்.

என் கணக்கைப் பிரித்துப் பார்த்த போது

அழைப்புக்கள் குறைந்த பின்னர்தான் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். முதல் மாதம் தேடலில் 300 தடவை காட்டி 36 பேர் திறந்திருந்தார்கள். அது 12 வீதம். முகப்பில் வெறும் 100 தடவை, திறந்தது 3. அது 3 வீதம். கூட்டினால் 400க்கு 39. அதுதான் நான் பார்த்து மகிழ்ந்த 9.75 வீதம்.

மூன்றாம் மாதம் தேடலில் அதே 300 தடவைக்கு 39 திறப்பு. அது 13 வீதம். முகப்பில் 4,700 தடவைக்கு 188 திறப்பு. அது 4 வீதம். கூட்டினால் 5,000க்கு 227. இதுதான் என்னைப் பயமுறுத்திய 4.54 வீதம்.

நன்றாகக் கவனியுங்கள். தேடலில் 12 ஆக இருந்தது 13 ஆனது. முகப்பில் 3 ஆக இருந்தது 4 ஆனது. இரண்டுமே இறங்கவில்லை. பார்த்தவர்கள் 39இலிருந்து 227ஆகக் கூடியிருந்தார்கள். ஆனாலும் மொத்த வீதம் பாதிக்கும் கீழே போனது. காரணம், குறைந்த வீதமுள்ள முகப்பின் பங்கு முதல் மாதம் காற்பங்காக இருந்து, மூன்றாம் மாதம் ஏறத்தாழ முழுவதுமாக ஆனதுதான். நூறு கிராம் ஏலக்காயை மட்டும் விற்ற நாளில் கிலோவுக்குக் கிடைத்த இலாபத்தையும், அதனுடன் பத்து மூட்டை அரிசி விற்ற நாளில் கிலோவுக்குக் கிடைத்த இலாபத்தையும் ஒப்பிட்டு, வியாபாரம் படுத்துவிட்டது என்று சொன்னதைப் போன்ற வேலைதான் நான் செய்தது.

புதிய தலைப்பு செய்த கெடுதியும் பிரித்துப் பார்த்த பின்னரே தெரிந்தது. ‘நூல்’, ‘சிக்கு’, ‘தைக்கும் போது’ என்று மக்கள் தட்டும் சொற்கள் எதுவுமே அதில் இல்லை. அந்த மாதம் தேடல் தடவைகள் 300இலிருந்து 110ஆக இறங்கியிருந்தன. கடைக்கு அழைத்துப் பொருள் கேட்டவர்கள் அந்தத் தேடல்காரர்களே. முகப்பில் பார்த்தவர்களில் இயந்திரம் பழுதாகி நின்றவர்கள் சொற்பமே. பழைய தலைப்பை மறுபடி போட்டேன். இடம் திரும்பக் கிடைக்கச் சில வாரங்கள் சென்றன.

எதை எப்படி மதிப்பது?

வீடியோவின் ‘Analytics’ பக்கத்தில் ‘Advanced mode’ஐத் திறந்து, ‘Traffic source’ என்பதைத் தெரிவு செய்தால் இரண்டும் தனித்தனி வரிகளில் வரும். ‘YouTube search’ வரியைத் தொட்டால் மக்கள் தட்டிய சொற்களே பட்டியலாக வரும்.

தேடல் வரியை மாதக் கணக்கில் பாருங்கள். அங்கே முதற்கேள்வி, வந்த சொற்கள் நம் வீடியோவுக்குப் பொருத்தமானவையா என்பதுதான். தடவை குறைவு, வீதம் நல்லது என்றால் வீடியோவில் கை வைக்க வேண்டாம். கேள்வி சிறியது, அவ்வளவுதான். அடுத்த கேள்விக்கு வேறொரு வீடியோ செய்யுங்கள். தடவை அதிகம், வீதம் மோசம் என்றால், ‘தையல்’ என்பதைப் போன்ற பொதுச் சொல்லுக்கு நம்மைக் காட்டியிருக்கலாம், அல்லது கேட்டவருக்கு இதில் விடை இருக்கின்றது என்பதைத் தலைப்பு சொல்லாமல் இருக்கலாம். சொற்பட்டியலைப் பார்த்தால் எது காரணமென்று விளங்கும். பின்னையதாக இருந்தால் மட்டும் தலைப்பைத் திருத்துங்கள்.

முகப்பு வரியில் சொடுக்கு வீதத்தைத் தனியாகப் பார்க்கவே கூடாது. தடவைகளையும், சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீதம் இறங்கி, தடவைகள் ஏறினால் வட்டம் விரிகின்றது என்று பொருள். வீதம் உயர்ந்திருந்தும் தடவைகள் அசையாமல் நின்றால், நம்மைத் தெரிந்தவர்கள் மட்டுமே பார்க்கின்றார்கள். வீதம் உயர்ந்து, பார்த்த நேரம் மிகக் குறைவென்றால் படமும் தலைப்பும் சொன்ன அளவுக்கு உள்ளே சரக்கில்லை. இதில் தடவைகள் சீக்கிரமே வற்றிவிடும். ஒப்பிடுவதென்றால் உங்களுடைய வேறொரு வீடியோவின் முதல் வாரத்தை இதன் முதல் வாரத்துடன் ஒப்பிடுங்கள். தேடல் வீதத்துடன் ஒப்பிடாதீர்கள்.

அலைவரிசைகளிலும் வீடியோக்களிலும் பாதியளவுக்கு இந்த வீதம் 2 முதல் 10 வரை இருப்பதாக யூடியூபே சொல்கின்றது. இவ்வளவு அகலமான அளவுகோலை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் எடை போட முடியாது. என் முதல் மாத முகப்புக் கணக்கைப் பாருங்கள். நூறு தடவைக்கு மூன்று திறப்பு. இன்னும் இரண்டு பேர் திறந்திருந்தால் அது 5 வீதமாகியிருக்கும். தடவைகள் சில ஆயிரத்தை எட்டும்வரை அந்த எண்ணை நம்பி ஒன்றையும் மாற்றாதீர்கள்.

இன்று கடைக்கு வரும் அழைப்புக்களை ஒரு கொப்பியில் எழுதி வைக்கின்றேன். எந்த வீடியோவைப் பார்த்தார்கள், தேடிப் பார்த்தார்களா, தானாக வந்ததா என்று அழைப்பவரிடம் கேட்டு, அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்கின்றேன். தலைப்பில் கை வைப்பதற்கு முன்னர் முதலில் திறப்பது அந்தக் கொப்பியைத்தான்.