மார்ச் 31-இல் மிஞ்சும் பத்து லட்சம்

மோட்டார் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். வைண்டிங்குக்கான செம்புக் கம்பியைக் கிலோ 800 ரூபாய் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே நிர்ணயித்து, வருடம் முழுக்க அந்த நியம விலையிலேயே கணக்கு எழுதுகிறார்கள். வாங்கியதோ கிலோ 850 ரூபாய்க்கு. மொத்தம் 20,000 கிலோ வாங்கியதால், மார்ச் 31 அன்று 10 லட்சம் ரூபாய் ‘விலை மாறுபாடு’ என்ற கணக்கில் தனியாக நிற்கிறது. அதை எங்கே சேர்ப்பது?

சுலபமான வழி, பத்து லட்சத்தையும் விற்ற சரக்கின் அடக்கத்தில் எழுதிவிடுவது. ஆனால் வாங்கிய கம்பி முழுவதும் விற்றுப் போய்விடவில்லை. 2,000 கிலோ கிடங்கில் இருக்கிறது; 1,000 கிலோ அரைகுறை மோட்டார்களிலும், 3,000 கிலோ விற்காத பம்புகளிலும் இருக்கிறது. விற்ற பம்புகளோடு போனது 14,000 கிலோதான். அந்த விகிதத்தில் பிரித்தால் விற்ற சரக்குக்கு 7 லட்சம்; கிடங்குக் கம்பிக்கு 1 லட்சம், அரைகுறை மோட்டார்களுக்கு 50,000, விற்காத பம்புகளுக்கு 1.5 லட்சம். இப்படிப் பிரிப்பதால் இந்த ஆண்டின் லாபம் 3 லட்சம் கூடும். அந்த மூன்று லட்சம் மறைந்துவிடாது. அடுத்த ஆண்டு அந்தச் சரக்கு விற்கும்போது செலவாக வந்து சேரும்.

இருப்பு சொற்பமாகவும் மாறுபாடு சிறியதாகவும் இருந்தால், முழுவதையும் எழுதித் தள்ளுவதில் தவறில்லை. நம் நாட்டின் கணக்கியல் தரநிலை 2, உண்மைச் செலவுக்கு ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் நியம விலையில் சரக்கை மதிப்பிட அனுமதிக்கிறது. இங்கே கிலோவுக்கு 50 ரூபாய் விலகல். பிரிப்பதே சரி என்பேன்.

ஆனால் எல்லா மாறுபாட்டையும் பிரிக்கக் கூடாது. தவறாகச் சுற்றி வெட்டி எறிந்த கம்பி வழக்கமான சேதாரத்தை மீறினால், அது அந்த ஆண்டின் நஷ்டம். ஆர்டர் குறைந்து ஆலை பாதித் திறனில் ஓடியதால் வாடகையும் தேய்மானமும் மீந்து நின்றால், அதுவும் அப்படியே. இவற்றைச் சரக்கின் தலையில் ஏற்றினால், பரணில் கிடக்கும் பம்பு காரணமில்லாமல் மதிப்புக் கூடிவிடும்.

விகிதத்திலும் ஓர் இடறல் உண்டு. செம்பு விலை கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறியது என்றால், மீந்திருக்கும் சரக்கில் பெரும்பகுதி அந்த விலையில் வாங்கியதாகவே இருக்கும். ஆண்டுச் சராசரி விகிதம் அதற்குக் குறைவான பங்கையே தரும். கடைசிக் கொள்முதல் பில்களைப் பிரித்த பின் வரும் கிலோ விலையோடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

மாறுபாடு சாதகமாக வந்த ஆண்டில்தான் ஆசை தலைதூக்கும். கம்பி 750 ரூபாய்க்குக் கிடைத்திருந்தால், மிச்சப்பட்ட பத்து லட்சத்தையும் விற்ற சரக்கின் அடக்கத்தில் கழித்து லாபத்தை உயர்த்திக் காட்டத் தோன்றும். அப்போது கிடங்குக் கம்பி 800 ரூபாயிலேயே, உண்மை விலைக்கு மேலே நிற்கும். ஆடிட்டர் முதலில் கை வைப்பது அங்கேதான்.